பட்ஜெட்டுக்கு மேல் ஐந்து லட்சம்: இதில் மேற்பார்வையாளரின் பங்கு எவ்வளவு?

*கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் சாய டிரம் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். குரோமில் பதனிட்ட ஈரமான வெட் புளூ தோல் எங்களிடம் வந்து, சாயம் ஏற்றிக் காயவைத்த கிரஸ்ட்டாகப் போகிறது. போன மாதம் பட்ஜெட்டைவிட 4,99,800 ரூபாய் கூடுதலாகச் செலவு செய்துவிட்டேன் என்று அக்கவுண்ட்ஸிலிருந்து அறிக்கை வந்தது. ஊக்கத்தொகையை நிறுத்திவிட்டார்கள். பட்ஜெட் போட்டது 30,000 கிலோவுக்கு. நாங்கள் ஓட்டியது 36,000 கிலோ. கெமிக்கல் விலையை நான் பேசுவதில்லை. ஆபீஸ் செலவிலும் ஒரு பங்கை என் கணக்கில் போட்டிருக்கிறார்கள். ஒரு லாட் ஷேடு பொருந்தாமல் மறுபடி டிரம்மில் போட்டோம், அது உண்மைதான். எதற்கு நான் பொறுப்பு, எதற்கு இல்லை? முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது? அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.*

அன்புள்ள நண்பருக்கு,

அறிக்கையை வரி வரியாகப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் உங்கள் பிரிவில் நடந்த செலவையும் உங்கள் முடிவால் நடந்த செலவையும் அது ஒன்றாகக் கொட்டி, அடியில் ஒரே தொகையாகக் காட்டுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் பொறுப்புக் கணக்கியலின் வேலை. ஒரு பதவியில் இருப்பவர், அந்தக் காலத்துக்குள், தன் முடிவால் கணிசமாகக் கூட்டவோ குறைக்கவோ முடிகிற செலவு அவருக்குக் கட்டுப்படுத்தக்கூடிய செலவு. அப்படி முடியாதது கட்டுப்படுத்த இயலாத செலவு. டிரம்மின் தேய்மானம் உங்களுக்குக் கட்டுப்படுத்த இயலாதது. டிரம் வாங்கலாமா என்று முடிவு செய்த முதலாளிக்கு அது கட்டுப்படுத்தக்கூடியதாக இருந்தது. ஆகவே ஒரு செலவைப் பார்த்து "இது எந்த வகை" என்று கேட்டால் பதில் வராது. "யாருக்கு, எந்தக் காலத்துக்குள்" என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

நடைமுறையில் தகராறு வருவது தேய்மானத்திலோ வாடகையிலோ அல்ல. உங்கள் அறிக்கையிலேயே தேய்மானத்தில் வித்தியாசம் பூஜ்யம். ஒரே வரிக்குள் உங்கள் பங்கும் வேறொருவர் பங்கும் கலந்து கிடக்கும் செலவுகளில்தான் தகராறு. உங்களுக்கு அவை மூன்று: கெமிக்கல், கழிவுநீர்க் கட்டணம், ஓவர்டைம்.

அதற்குமுன் எடுத்தவுடனே ஒன்றைச் சரி செய்ய வேண்டும். 30,000 கிலோவுக்குப் போட்ட பட்ஜெட்டை 36,000 கிலோவின் செலவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அதிகத் தோல் ஓட்டினால் அதிகக் கெமிக்கல் போகும், அதிகத் தண்ணீர் போகும். ஆர்டர் எவ்வளவு என்பதை முடிவு செய்வது விற்பனைப் பிரிவு. ஆகவே உண்மையில் ஓடிய 36,000 கிலோவுக்கு எவ்வளவு செலவு ஆகியிருக்கலாம் என்று பட்ஜெட்டை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு நெகிழ்வு பட்ஜெட் என்று பெயர். உங்கள் கம்பெனியின் கணக்குப்படி ஷேவ் செய்த தோல் ஒரு கிலோவுக்கு 300 கிராம் கெமிக்கல், அதன் சராசரி விலை கிலோ 140 ரூபாய். 36,000 கிலோவுக்கு 10,800 கிலோ கெமிக்கல், அதாவது 15,12,000 ரூபாய். பழைய பட்ஜெட்டில் இருப்பது 12,60,000. நடுவில் இருக்கும் 2,52,000 ரூபாய் உற்பத்தி கூடியதால் மட்டும் வந்தது. கழிவுநீரிலும் இதே காரணத்துக்கு 27,000 ரூபாய் கூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து 2,79,000. ஐந்து லட்சத்தில் பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது. யாரும் தவறு செய்ததால் வந்த தொகை இல்லை இது.

இனி கெமிக்கலில் மிச்சம் இருப்பதைப் பார்ப்போம். நீங்கள் எடுத்தது 11,100 கிலோ, அதற்கு அக்கவுண்ட்ஸ் போட்டிருக்கும் சராசரி விலை 150 ரூபாய். மொத்தம் 16,65,000. நெகிழ்வு பட்ஜெட்டைவிட 1,53,000 அதிகம். இதை இரண்டாகப் பிரிக்கலாம். அளவில் 300 கிலோ கூடியிருக்கிறது. அதை பட்ஜெட் விலையான 140-ல் பெருக்கினால் 42,000 ரூபாய். இது உங்கள் வரி. விலையில் கிலோவுக்கு 10 ரூபாய் கூடியிருக்கிறது. 11,100 கிலோவுக்கு 1,11,000 ரூபாய். இது வாங்கும் பிரிவின் அறிக்கைக்குப் போக வேண்டிய வரி. அளவு வித்தியாசத்தை உண்மை விலையில் பெருக்காமல் பட்ஜெட் விலையில் பெருக்குவதற்குக் காரணம் உண்டு. அப்படிச் செய்தால்தான் சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் வரி அசையாமல் இருக்கும்.

ஆனால் அந்த 1,11,000 முழுவதையும் வாங்கும் பிரிவின் மேல் தள்ளிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள், இரண்டும் நியாயமானவை. முதலாவது: பொருள் வேண்டும் என்று கேட்கும் இண்டென்டை எப்போது கொடுத்தீர்கள்? செயற்கைப் பதனப் பொருளான சின்டான் தீர்ந்துபோன அன்று காலையில் இண்டென்ட் எழுதி, அவர்கள் உள்ளூர் வியாபாரியிடம் அவசரமாகக் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால், அந்தக் கூடுதல் விலை அவர்கள் கையில் இருந்ததில்லை. அது உங்கள் தாமதத்தின் விலை. வழக்கமான சப்ளை நாட்களை விட்டு முன்கூட்டியே எழுதிய இண்டென்ட் அவர்கள் மேஜையில் கிடந்திருந்தால் பொறுப்பு அவர்களுடையது. இதில் வாய்ப்பேச்சு உதவாது. இண்டென்டின் தேதி, ஆர்டரின் தேதி, ஸ்டோர் லெட்ஜரில் அன்றைய இருப்பு, இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் தானே வரும்.

இரண்டாவது: போன மாதம் எந்த ஷேடு அதிகம் ஓடியது? 150 என்பது சின்டான், தோலை மென்மையாக்கும் எண்ணெயான ஃபேட்லிக்கர், சாயம் எல்லாம் கலந்த சராசரி. இதில் கிலோ விலை அதிகம் சாயத்துக்குத்தான். கறுப்பு, அடர் பழுப்பு ஆர்டர்கள் அதிகம் வந்தால், எந்தப் பொருளின் விலையும் ஒரு பைசா ஏறாமலேயே சராசரி ஏறிவிடும். அப்படியானால் அதற்கு நீங்களும் காரணமில்லை, வாங்கும் பிரிவும் காரணமில்லை. ஆர்டர்களின் கலவை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நிரந்தரத் தீர்வு, எல்லாத் தோலுக்கும் ஒரே 300 கிராம், ஒரே 140 ரூபாய் என்று வைக்காமல் ரெசிபிவாரியாக அளவும் விலையும் வைப்பது. ஷேடுக்கு ஒரு ரெசிபி கார்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அக்கவுண்ட்ஸ் அதை வாங்கிக்கொள்ளவில்லை, அதுதான் குறை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. விலை குறைவு என்று சத்து குறைந்த ஃபேட்லிக்கரை வாங்கினால் வாங்கும் பிரிவின் வரி அழகாக இருக்கும். தோல் மென்மையாக வர நீங்கள் அதிகம் போடுவீர்கள், உங்கள் வரி கெட்டுப்போகும். இதனால்தான் பெயிண்டும் கெமிக்கலும் புழங்கும் தொழிற்சாலைகளில் விலை வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது என்று நான் எப்போதும் சொல்வேன். விலை வரியில் மிச்சமும் அளவு வரியில் கூடுதலும் ஒரே மாதத்தில் ஒரே பொருளில் வந்தால், சப்ளையர் மாறினாரா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது கழிவுநீர். உங்கள் அறிக்கையில் எனக்கு மனம் பொறுக்காத வரி இதுதான். பட்ஜெட் 1,35,000, உண்மை 1,63,800, கூடுதல் 28,800 என்று போட்டிருக்கிறார்கள். படிக்கிறவர் நீங்கள் தண்ணீரை வீணாக்கியதாகத்தான் நினைப்பார். நடந்தது நேர் எதிர். பட்ஜெட்டில் கிலோவுக்கு 15 லிட்டர், கிலோலிட்டருக்கு 300 ரூபாய். 36,000 கிலோவுக்கு 540 கிலோலிட்டர் போகலாம். உங்கள் பிரிவின் மீட்டர் காட்டுவது 504. அதாவது 36 கிலோலிட்டர் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். பட்ஜெட் விலையில் அது 10,800 ரூபாய். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டணத்தை 325 ஆக்கியதால் 12,600 ரூபாய் கூடியது. உங்கள் ஆட்கள் மிச்சம் பிடித்த தொகை, கட்டண உயர்வுக்கும் உற்பத்தி உயர்வுக்கும் அடியில் புதைந்துபோய், கடைசியில் உங்கள் பெயரிலேயே கூடுதலாக வந்து நிற்கிறது. இப்படி ஓர் அறிக்கை இரண்டு மாதம் வந்தால் டிரம்மில் நிற்கிற ஆள் தண்ணீர்க் குழாயை மூட ஏன் ஓட வேண்டும்?

பாலாற்றங்கரையில் இந்த வரி சின்ன வரி இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து டேனரிகளுக்கு ஏட்டுச் சட்டமாக இல்லாமல் மாதாமாதம் வரும் பில்லாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பில் தொழிற்சாலை முழுமைக்கும் வருகிறது. உள்ளே அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் அது கட்டுப்படுத்தக்கூடியதா இல்லையா என்பது இருக்கிறது. பிரிவுக்குப் பிரிவு தண்ணீர் மீட்டர் இல்லாமல், ஓடிய கிலோ கணக்கில் பில்லைப் பங்கு போட்டால், நீங்கள் எவ்வளவு சேமித்தாலும் பலன் எல்லாப் பிரிவுக்கும் சிதறிவிடும். சுண்ணாம்புப் பிரிவில் குழாய் திறந்தே கிடந்தால் அதன் செலவும் உங்களிடம் வரும். அப்போது அது உங்களுக்குக் கட்டுப்படுத்த இயலாத செலவு. உங்கள் பிரிவில் தனி மீட்டர் இருப்பதால்தான் அந்த 504 என்ற எண்ணே கிடைத்தது. இருந்தும் பில்லைப் பழைய பழக்கத்தில் மொத்தமாகக் காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சேமிப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு சான்றையும் கையில் எடுத்துப் போங்கள். தண்ணீரைக் குறைக்க எளிதான வழி கடைசிக் கழுவலைக் குறைப்பது. அப்படிக் குறைத்தால் தோலில் ஒட்டாத சாயம் தங்கிவிடும், ஈரத் துணியால் தேய்த்தால் சாயம் இறங்கும், ஃபினிஷிங்கில் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் வரியில் மிச்சமும் அவர்கள் வரியில் நஷ்டமுமாக முடியும். போன மாதத்து லாட்டுகளின் ஈரத் தேய்ப்புச் சோதனை முடிவு முந்தைய மாதங்களைப் போலவே இருக்கிறது என்று காட்ட முடிந்தால், அந்த 10,800 உண்மையான சேமிப்பு. காட்ட முடியாவிட்டால் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

ஓவர்டைம். பட்ஜெட் 30,000, உண்மை 66,000. அறிக்கையோடு வந்திருக்கும் ஓவர்டைம் பட்டியலில் காரணம் எழுதியிருப்பது நல்லதாகப் போயிற்று. கூடுதலான 36,000-ல் 24,000 ரூபாய் விற்பனைப் பிரிவு கேட்டு, ஃபேக்டரி மேனேஜர் அனுமதித்த அவசர ஷிப்மென்டுக்கு. அது உங்கள் வரியிலிருந்து வெளியேறி விற்பனைப் பிரிவின் வரியில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அவசர ஆர்டர் வாங்குவது அவர்களுக்கு இலவசமாகவே இருக்கும். மீதி 12,000 அந்த ஷேடு பொருந்தாத லாட்டுக்கு. அதை இப்போதைக்கு உங்கள் வரியிலேயே வையுங்கள். நீங்களே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், அது உங்கள் பேச்சுக்குப் பலம் தரும்.

ஆனாலும் அந்த லாட் ஏன் கெட்டது என்று பாருங்கள். பேட்ச் கார்டை எடுங்கள். தோலின் அமிலத்தைக் குறைத்து நியூட்ரலைஸ் செய்த பிறகு, வெட்டு முகத்தில் அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் புரோமோகிரெசால் கிரீன் விட்டுப் பார்த்த குறிப்பு இருக்கிறதா? நிறம் வெட்டு முழுக்க ஒரே சீராக இருந்ததா? சாயம் போட்டபோது டிரம்மின் சூடு எவ்வளவு? இவை ஒழுங்காக இருந்து, அதே ரெசிபியில் அதே நாளில் ஓடிய வேறு வெட் புளூ நன்றாக வந்திருந்தால், சந்தேகம் உள்ளே வந்த தோலின் மேல் திரும்பும். ஒரே லாட்டில் இரண்டு இடத்துத் தோலைக் கலந்து அனுப்பியிருந்தால் சாயம் ஒரே மாதிரி ஏறாது. அப்படி இருந்தால் 12,000 மட்டுமில்லை, அந்த மறு ஓட்டத்துக்குப் போன கெமிக்கலும் வெட் புளூ பிரித்து அனுப்பும் பிரிவின் கணக்கு. குறிப்பு எதுவும் எழுதியிருக்காவிட்டால் அது உங்கள் கணக்கிலேயே நிற்கட்டும். எழுதி வைக்காத சோதனையை வைத்து வாதாட முடியாது.

ஆபீஸ் செலவுக்கு அதிக நேரம் வேண்டாம். மொத்த ஆபீஸ் செலவு 6,00,000, அது மாறவே இல்லை. கிலோ அடிப்படையில் பங்கு போட்டதால் உங்கள் பங்கு 25 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகி, 1,50,000 ரூபாய் 1,80,000 ஆனது. நீங்கள் அதிக வேலை பார்த்ததற்கு அறிக்கை உங்களுக்குப் போட்ட அபராதம் 30,000 ரூபாய். தோலின் சதுர அடிக்கு என்ன அடக்க விலை என்று கணக்கிட இந்தப் பங்கீடு தேவை, அதை ஒழிக்கச் சொல்லாதீர்கள். உங்கள் செயல்பாட்டை அளக்கும் தொகைக்குள் அது வரக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள்.

முதலாளியிடம் நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டாம். இந்த ஒரு பட்டியலைக் கொடுங்கள். இதில் உங்கள் வரிகள் எல்லாம் பட்ஜெட் விலையில் இருக்கின்றன.

| உங்கள் கையில் உள்ளவை | 36,000 கிலோவுக்கு பட்ஜெட் (ரூ.) | ஆனது (ரூ.) | வித்தியாசம் (ரூ.) |
|---|---|---|---|
| கெமிக்கல் அளவு | 15,12,000 | 15,54,000 | 42,000 கூடுதல் |
| கழிவுநீர் அளவு | 1,62,000 | 1,51,200 | 10,800 மிச்சம் |
| ஓவர்டைம் (அவசர ஷிப்மென்ட் நீங்கலாக) | 30,000 | 42,000 | 12,000 கூடுதல் |
| மொத்தம் | 17,04,000 | 17,47,200 | 43,200 கூடுதல் |

இதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, உங்கள் கையில் இல்லாதவற்றையும் எழுதுங்கள்: உற்பத்தி கூடியதால் 2,79,000, கெமிக்கல் விலையும் கழிவுநீர்க் கட்டணமும் ஏறியதால் 1,23,600, அவசர ஷிப்மென்ட் 24,000, ஆபீஸ் பங்கு 30,000. எல்லாம் சேர்ந்து அதே 4,99,800 வரும். அக்கவுண்ட்ஸின் மொத்தத்தோடு ஒரு ரூபாய்கூட விலகாமல் இருப்பது முக்கியம். எதையும் மறைத்ததாக யாரும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. கீழே இருக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பிரிவின் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். பெயர் போட முடியாத தொகைகளும் இருக்கும், கழிவுநீர்க் கட்டண உயர்வு போல. அவற்றுக்கு அடுத்த பட்ஜெட்டில் விலையைத் திருத்துவதுதான் வழி.

ஊக்கத்தொகையைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், 17 லட்சம் ரூபாய்ச் செலவில் 43,200 கூடியது இரண்டரை சதவீதம். அது விசாரிக்க வேண்டிய தொகைதான், ஊக்கத்தொகையை முழுதாக நிறுத்தும் அளவுக்கான தொகை இல்லை. ஐந்து லட்சத்தைக் காட்டி அதை நிறுத்தியது நியாயமில்லை.

அப்புறம், முதலாளியைப் பார்க்கப் போகும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். 11,100 கிலோ என்பது ஸ்டோரிலிருந்து உங்கள் பிரிவுக்கு வந்த கெமிக்கல், டிரம்முக்குள் போனது அல்ல. மாதக் கடைசி நாளில் டிரம் பக்கத்தில் பிரிக்காத மூட்டைகளும் பாதி காலியான பேரல்களும் எவ்வளவு இருந்தன என்று யாராவது எண்ணினார்களா? முந்தைய மாதக் கடைசியில் இருந்ததைவிட 120 கிலோ அதிகமாக இருந்திருந்தால், கூடுதல் அளவு 300 கிலோ அல்ல, 180 கிலோதான். உங்கள் கெமிக்கல் வரி 42,000-லிருந்து 25,200 ஆகும், மொத்தம் 26,400 ஆகும். குறைவாக இருந்திருந்தால் உங்களுக்கு எதிராகவும் திரும்பும், அதையும் சொல்லிவிடுங்கள். இந்த மாதம் முதல், கடைசி நாள் மாலை ஷிப்ட் முடிந்ததும் ஸ்டோர் கிளார்க்கை வரச் சொல்லி, இருவரும் சேர்ந்து எண்ணி, அந்தத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.